பண்டிகைப் பணத்தோடு போன வாழ்த்து எங்கே தெரிந்தது?

தீபாவளிக்குத் தங்கை மகளுக்கு யூபிஐ வழியாக 501 ரூபாய் அனுப்பினேன். தொகையைப் போட்டதும் கீழே குறிப்பு எழுதக் கேட்கும் கட்டத்தில் "தீபாவளி வாழ்த்துகள்" என்று தமிழில் எழுதி, ரகசிய எண்ணை அழுத்தினேன். என் திரையில் பணமும் வாழ்த்தும் பட்டாசுப் படத்தோடு அழகாக இருந்தன.

சற்று நேரத்தில் அவளிடமிருந்து போன். "பணம் வந்துடுச்சு மாமா, தேங்க்ஸ்!" வாழ்த்தைப் பார்த்தாயா என்று கேட்டேன். "எதுவும் இல்லையே?" என்றாள். அவளிடம் இருப்பது வேறு செயலி. பார்த்த எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

வங்கியிலிருந்து வந்த எஸ்எம்எஸ்ஸில் தொகையும் பரிவர்த்தனை எண்ணும்தான். செயலியின் அறிவிப்பில் என் பெயர், அதுவும் வங்கிக் கணக்கில் இருக்கிறபடி இனிஷியலோடு. மாமா அனுப்பியது என்று அதைப் பார்த்துச் சட்டென்று புரியாது. பட்டாசுப் படம் எங்குமே இல்லை. அந்த அலங்காரம் என் செயலிக்குள் மட்டும் உள்ள வசதி. இருவரும் ஒரே செயலியில் இருந்தால்தான் அப்படியே போய்ச் சேரும். வங்கிகளுக்கிடையே பணத்தோடு பயணிப்பது அந்தக் குறிப்பு வரி ஒன்றுதான். அதற்கும் 50 எழுத்துதான் இடம்.

தமிழில் எழுதுபவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். "தீ" நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு "த" ஒன்று, அதன் மேல் சுழி ஒன்று, ஆக இரண்டு. "தீபாவளி வாழ்த்துகள்" இடைவெளியோடு 19 ஆகிவிடுகிறது. கூடவே ஒரு நல்ல வாக்கியம் எழுதினால் பாதியில் அறுந்துவிடும். ஸ்மைலியும் தமிழும் எல்லா வங்கிகளிலும் ஒழுங்காகக் கடந்து வருவதில்லை. சில இடங்களில் கேள்விக்குறிகளாக மாறும், சில இடங்களில் வெற்றிடம்தான். அவளுடைய செயலியில் பரிவர்த்தனை விவரத்தைத் திறந்து பார்த்தபோதும் அந்த இடம் காலியாகவே இருந்தது.

அதன் பிறகு என் தம்பியின் போனுக்கு ஒரு ரூபாய் அனுப்பி, ஆங்கில எழுத்தில் `Deepavali vazhthu - Mama` என்று எழுதிப் பார்த்தேன். அவனுடையதும் வேறு செயலிதான். விவரப் பக்கத்தில் முழுதாக வந்தது. வங்கி அறிக்கையில் பரிவர்த்தனை எண், பெயர் எல்லாம் கடந்து, வரியின் கடைசியில் `Deepavali` வரை ஒட்டிக்கொண்டிருந்தது. அறிக்கையில் பதிவாகிறது என்பதால் வீட்டு விஷயம் எதையும் அங்கே எழுதக் கூடாது என்றும் அப்போது தோன்றியது. விசாவுக்கோ கடனுக்கோ அந்த அறிக்கையை யாரிடமாவது கொடுக்க வேண்டி வரும்.

இப்போது குறிப்பில் ஆங்கில எழுத்தில் உறவும் பண்டிகையும் மட்டும். மனதில் இருப்பதைத் தமிழில் வாட்ஸ்அப்பில் தனியாக எழுதி, பணத்துக்கு முன்பே அனுப்பிவிடுகிறேன். பெரியவர்களுக்கு அனுப்பும்போது அதிலேயே இன்னொரு வரியும் சேர்க்கிறேன்: "பணம் தானாகக் கணக்கில் சேரும், எந்த லிங்க்கையும் தொட வேண்டாம், யார் கேட்டாலும் ரகசிய எண்ணைப் போட வேண்டாம்."