பழைய அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள்

2025 மார்ச் 4, செவ்வாய், வெள்ளவத்தை

காலையில் அம்மா தொலைபேசியில் அழைத்து, வீட்டில் இணையம் நின்றுவிட்டது என்றார். வழங்குநரின் கணக்கைத் திறந்து பார்த்தபோது, மாதந்தோறும் என் கடனட்டையிலிருந்து தானாகக் கழியும் கட்டணம் இம்முறை நிராகரிக்கப்பட்டிருந்தது. நான் அறியாத ஒரு கொடுக்கல் வாங்கல் முயற்சியைக் கண்டு, வங்கி கடந்த மாதம் என் அட்டையை முடக்கிப் புதியதை அனுப்பியிருந்தது. புதிய அட்டை கைக்கு வந்ததோடு விடயம் முடிந்தது என்று எண்ணியிருந்தேன். காலாவதியாகிப் புதுப்பிக்கப்படும் அட்டையில் பெரும்பாலும் 16 இலக்கங்களும் அப்படியே இருக்க, முடிவுத் திகதியும் பின்பக்கத்து மூன்று இலக்கங்களும் மட்டுமே மாறும். மோசடியாலோ தொலைந்துபோனதாலோ மாற்றப்படும் அட்டையிலோ எண்ணே மாறிவிடும். எனக்கு வந்தது இரண்டாவது வகை.

மார்ச் 5, புதன்

பழைய அட்டை எங்கெங்கே பதிவாகியிருக்கிறது என்று வங்கியில் கேட்டேன். "எங்கட செயலியில நீங்க போட்ட நிலையான கட்டளைகள் மட்டும்தான் எங்களுக்குத் தெரியும், மிஸ். வெளியில யாருக்கு இலக்கத்தைக் குடுத்தீங்க எண்டு எங்களிட்ட பட்டியல் இல்லை" என்றார் அலுவலர். கேட்ட கணத்தில் எரிச்சல் வந்தாலும், அவர் சொன்னது நியாயமே. வங்கி நம் கட்டளைப்படி பணத்தை அனுப்புவது ஒரு வழி. நாம் கொடுத்த இலக்கத்தை வைத்துக்கொண்டு வணிகர் தாமே வந்து பணத்தை எடுப்பது வேறு வழி. நான் தேட வேண்டியவர்கள் இரண்டாவது வகையினர்.

மார்ச் 9, ஞாயிறு

கடந்த 13 மாதங்களின் அட்டைக் கணக்குக் கூற்றுகளைப் பதிவிறக்கினேன். பன்னிரண்டு போதாது, ஆண்டுக்கு ஒருமுறை கழியும் கட்டணம் கூற்றுத் திகதிக்கு ஓரிரு நாள் முன்பின்னாக விழுந்தாலே தப்பிவிடும். முதலில் ஒரே தொகை திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்த்து ஏமாந்தேன். டொலரில் அறவிடப்படுபவை நாணயமாற்று வீதத்தால் ஒவ்வொரு மாதமும் வேறு ரூபாய்த் தொகையாகவே தெரியும். ஆகவே தொகையை விட்டுவிட்டு, மாதத்தின் ஒரே நாளையொட்டி வரும் பெயர்களைத் தேடினேன், பதினொன்று அகப்பட்டன. பெயர்களும் நேராக இல்லை. `APPLE.COM/BILL` என்ற ஒரே வரிக்குள் மூன்று வெவ்வேறு செயலிகளின் சந்தாக்கள் ஒளிந்திருந்தன. அவற்றைக் கைபேசியின் சந்தாப் பக்கத்திலேயே பிரித்தறிய முடிந்தது. அந்த மூன்றுக்கும் ஓரிடத்தில் அட்டையை மாற்றினால் போதும் என்பது ஆறுதல்.

மார்ச் 10, திங்கள்

கூற்று, பணம் எடுத்தவர்களை மட்டுமே காட்டும். இலக்கத்தை வைத்திருந்தும் இன்னும் எடுக்காதவர்களைக் காட்டாது. பற்றுச்சீட்டு மின்னஞ்சல்கள் பலவற்றில் அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் அச்சாகியிருக்கும் என்பது இரவு நினைவுக்கு வந்தது. அந்த நான்கையும் மட்டும் தேடியபோது ஓடர் எண்களும் தொலைபேசி எண்களுமாகக் குப்பை குவிந்தது. `ending in` என்ற சொற்களையும் சேர்த்துத் தேடியதும் மூன்று புதியவை கிடைத்தன. அவற்றில் ஒன்று, அடுத்த வாரம் இலவசக் காலம் முடியவிருந்த, நான் மறந்தே போன ஒரு சந்தா. அதை அங்கேயே நிறுத்தினேன்.

மார்ச் 15, சனி

மின்கட்டணம் வழுக்கிவிட்டது. வாசலில் போட்டிருந்த பட்டியலில் "நிலுவை" என்ற வரியில் சென்ற மாதத் தொகை நின்றது. நிராகரிப்பைப் பற்றிய அறிவித்தல் என் கணவரின் பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. புதிய அட்டையைப் பதிந்தவுடன் நிலுவையும் கழிந்துவிடும் என்று நினைத்தேன், கழியவில்லை. இந்த ஏற்பாடு அடுத்த பட்டியலிலிருந்தே செயற்படும், தவறிய தொகையைக் கையால் செலுத்த வேண்டும். இணையக் கட்டணத்திலும் இதே தவறைச் செய்து இரண்டு நாள் காத்திருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

ஒரு விசித்திரம். நான் அட்டை விவரத்தை மாற்றவே மாற்றாத திரைப்படச் சந்தா ஒன்று புதிய அட்டையில் கழிந்திருக்கிறது. முதலில் மீண்டும் மோசடியோ என்று பதறினேன். விசா, மாஸ்டர்கார்ட் இரண்டிலும், மாறிய அட்டை விவரத்தை வங்கியிடமிருந்து பெற்று வணிகருக்குத் தெரிவிக்கும் சேவை இருக்கிறது. விசா அதை அக்கவுண்ட் அப்டேட்டர் என்கிறது. வங்கியும் வணிகரின் பக்கமும் அதில் சேர்ந்திருந்தால்தான் அது நடக்கும். அதனால்தான் ஒன்று தானாக மாறியது, மற்றவை மாறவில்லை. அட்டை மாறிவிட்டது, இனி வேண்டாத சந்தாக்கள் தாமே அறுந்துபோகும் என்று நம்பியிருந்த கணவருக்கு இது ஏமாற்றம். வேண்டாததை வணிகரிடமே சென்று நிறுத்தத்தான் வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

பட்டியலில் ஒரே ஒரு பெயர் மிஞ்சியிருந்தது: சென்ற ஜூலையில் ஒருமுறை மட்டும் வந்த, எழுத்துகள் பாதியில் வெட்டுண்ட பெயர். அந்த நாளின் மின்னஞ்சல்களைத் திறந்து பார்த்தேன். கணவரின் வலைத்தளப் பெயருக்கான ஆண்டுக் கட்டணம். விட்டிருந்தால் ஜூலை வரை எந்தச் சத்தமும் இருந்திருக்காது. புதிய அட்டையை அங்கும் பதிந்து, கொப்பியில் அந்த வரியை அடித்துவிட்டேன்.