தூங்கும்போது தட்டிய விரல்

ஒரு மொபைல் கேம் நிறுவனத்தில் தடை மேல்முறையீடுகளைப் படிப்பது சில காலம் என் வேலையாக இருந்தது. அக்கவுன்ட் பேன் ஆனவர்கள் எழுதும் கடிதங்களில் பாதி கோபம், பாதி கெஞ்சல். ஆட்டோ டேப்பர் பயன்படுத்தியவர்களின் கடிதம் மட்டும் தனி ரகம். அவர்களுக்கு உண்மையிலேயே புரிந்திருக்காது. 'நான் கேமை ஹேக் செய்யவில்லை, யாரையும் தோற்கடிக்கவில்லை. ஒரே பட்டனைத் தட்டும் வேலையைத்தான் ஆப்பிடம் விட்டேன். இதில் என்ன தப்பு?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

அப்படி வந்த ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். அது பண்ணை வகை விளையாட்டு. அறுவடைப் பட்டனைத் தட்டினால் நாணயம் விழும். அந்த ஆட்டக்காரர் இரவில் ஃபோனை சார்ஜில் போட்டு, ஆட்டோ டேப்பரை ஓடவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார். அதைக் கடிதத்தில் அவரே எழுதியிருந்தார். எங்கள் லாகில் அந்த இரவு இப்படித் தெரிந்தது:

```
02:14:07.512  x=540 y=1612  p=1.0   d=10ms
02:14:08.013  x=540 y=1612  p=1.0   d=10ms
02:14:08.513  x=540 y=1612  p=1.0   d=10ms
```

அதே ஆள் முந்தின நாள் மாலை கையால் விளையாடியது இது:

```
19:02:41.087  x=533 y=1620  p=0.41  d=84ms
19:02:41.334  x=538 y=1611  p=0.37  d=71ms
19:02:41.702  x=529 y=1626  p=0.46  d=96ms
```

x, y என்பவை திரையில் தொட்ட இடம். p அழுத்தம். d என்பது விரல் பட்டதிலிருந்து எடுத்தது வரை ஆன நேரம். மனித விரல் ஒரே புள்ளியில் இரண்டு முறை விழுவதே அபூர்வம். ஆப் தட்டும்போது இம்மி பிசகாது. இதில் அழுத்தத்தை மட்டும் வைத்து நாங்கள் எதையும் முடிவு செய்ததில்லை. நிஜ விரலால் தொட்டாலும் எப்போதும் 1.0 என்றே சொல்லும் ஃபோன்கள் இருக்கின்றன.

இந்த ஆப்கள் எப்படித் தட்டுகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0, அணுகல்தன்மைச் சேவைகளுக்கு `dispatchGesture` என்ற வசதியைக் கொடுத்தது. கையை அசைக்க முடியாதவர்களுக்காக ஒரு சேவை அவர்கள் சார்பில் திரையைத் தொடலாம் என்பது அதன் நோக்கம். ஆட்டோ டேப்பர்களும் அந்த வழியில்தான் நுழைகின்றன. ஃபோனின் பூட்டை உடைத்து ரூட் செய்ய வேண்டாம், கேம் ஃபைலைத் தொட வேண்டாம். அதனால்தான் பயன்படுத்துகிறவருக்கு எதையும் மீறியதாகத் தோன்றுவதில்லை.

சரி, தட்டல்களுக்கு நடுவே மாறாமல் வரும் அந்த அரை விநாடி இடைவெளியைக் கொஞ்சம் கலைத்துவிட்டால்? நம் ஆட்டக்காரரும் இரண்டாம் இரவு அதைச் செய்து பார்த்திருந்தார். டேப்பர் ஆப்களில் அதற்கென்றே ஒரு செட்டிங் உண்டு. அவருடைய இடைவெளிகள் 450 மில்லி விநாடியிலிருந்து 550 வரை மாறி மாறி வந்தன. ஆனால் வரைபடமாகப் போட்டால் பெட்டி மாதிரி நின்றது. 449இல் ஒன்றுமில்லை, 551இலும் ஒன்றுமில்லை, நடுவில் எல்லாம் ஒரே உயரம். மனிதர் தட்டினால் பெரும்பாலான தட்டல்கள் ஒரு பக்கம் குவிந்திருக்கும், மறுபக்கம் வால் நீளும். நடுவில் மெசேஜ் பார்ப்பார், கை மாற்றுவார். அலுப்பு வந்தால் கொஞ்ச நேரம் தொடர்ந்து வேகம் குறையும், அப்புறம் மீண்டும் ஏறும். அந்த இரவில் இது எதுவுமே இல்லை.

எனக்கு எல்லாவற்றையும்விட உறுதியாகத் தெரிந்தது வேறொன்று. அதிகாலையில் அவருக்கு லெவல் ஏறி, வாழ்த்துப் பெட்டி ஒன்று திரையை மறைத்திருக்கிறது. அதை மூடும் பட்டன் மேல் மூலையில் இருக்கிறது. விரலோ அறுவடைப் பட்டன் இருந்த இடத்தையே தட்டிக்கொண்டிருக்கிறது. நாணயம் விழவில்லை, எதுவும் நடக்கவில்லை, தட்டல் மட்டும் விடியும்வரை நிற்கவில்லை. திரையைப் பார்க்கிற யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள்.

இவ்வளவும் அவர் ஆப் பயன்படுத்தினார் என்பதற்குத்தான் சாட்சி. அதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். அதற்குப் பேன் ஏன் என்பதுதான் அவர் கேள்வி.

ஒரு தட்டலுக்கு எத்தனை நாணயம் என்று வடிவமைப்பாளர்கள் முடிவு செய்யும்போது, ஒருவர் ஒரு நாளில் எவ்வளவு நேரம் தட்டுவார் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. விரல் வலிக்கும், அலுக்கும், ஆள் போய்விடுவார் என்பதை நம்பித்தான் விலைகள் வைக்கப்படுகின்றன. எங்கள் கேமில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் விதைகளை விற்று வாங்கும் சந்தை இருந்தது. தூங்கும் விரல்கள் கொட்டும் நாணயம் அங்கே போனதும் அரிய விதைகளின் விலை ஏறும். கையால் விளையாடுகிறவருக்கு அது எட்டாமல் போகும். யாரையும் தோற்கடிக்கவில்லை என்று அவர் எழுதியது பொய்யில்லை. தோற்றவர்கள் அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வரிசையாக ஃபோன்களை அடுக்கி, நாணயம் சேர்த்து, வெளியே காசுக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஓட்டுவதும் இதே ஆப், இதே செட்டிங். ஒரு அக்கவுன்ட்டை மட்டும் எடுத்துப் பார்த்தால் அவர்கள் லாகும் நம் ஆட்டக்காரர் லாகும் அச்சு அசல் ஒன்றுதான். பேன் செய்தால் அவர்கள் எழுதும் கடிதமும் இதே கடிதம்தான், சில சமயம் எழுத்துப் பிழை உட்பட. நல்ல நோக்கத்தோடு தட்டியது எது என்று லாக் சொல்லாது. ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் அந்த ஓட்டை எல்லோருக்கும் திறந்துவிடும். அதனால்தான் விதிமுறையில் பாதிப்பு எவ்வளவு என்ற பேச்சே இருக்காது. உங்களுக்குப் பதிலாக வேறொன்று விளையாடியதா என்று மட்டும் அது கேட்கும்.

'நிறுத்தி ரொம்ப நாள் ஆன பிறகு ஏன் பேன்?' என்றும் அவர் கேட்டிருந்தார். கண்டுபிடித்த நொடியிலேயே தடுத்தால், எந்த அடையாளத்தால் மாட்டினோம் என்று டேப்பர் எழுதுகிறவர்கள் சோதித்துத் தெரிந்துகொள்வார்கள். அதனால் பெயர்களைச் சேர்த்துவைத்து ஒரே நாளில் தடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம். அவருக்கு விழுந்தது முதல் மீறலுக்கான தற்காலிகத் தடை. அந்த இரவுகளின் நாணயத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டோம்.

இந்த முறையில் ஆபத்தும் இருக்கிறது. இன்னொரு மேல்முறையீடு வந்தது. அதிலும் அறுவடைப் பட்டனில் தட்டிய இடம் மாறவில்லை, அழுத்தம் 1.0, அணுகல்தன்மைச் சேவை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தானியங்கிச் சோதனை அதையும் டேப்பர் என்றே குறித்திருந்தது. ஆனால் இடைவெளிகள் ஒரு விநாடிக்கும் நாலு விநாடிக்கும் நடுவே வால் நீண்டு கிடந்தன. வாழ்த்துப் பெட்டி வந்ததும் தட்டல் நின்றது, கொஞ்ச நேரத்தில் பெட்டி மூடப்பட்டது, அதன் பிறகே அறுவடை தொடர்ந்தது. எழுதியவர் கைகளை அசைக்க முடியாதவர். தலைக்குப் பக்கத்தில் பொருத்திய ஒற்றை ஸ்விட்ச்சால் விளையாடுகிறார். அன்றே தடையை நீக்கினோம். அணுகல்தன்மைச் சேவை இயங்கியது என்ற குறிப்பையே சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லி சோதனைக் குழுவுக்கு எழுதினேன்.