ஆயாவின் முகத்தை எழுதிக் கொடுத்தேன்

ஆயாவின் முதல் வருஷ திதிக்கு ஒரு படம் வரைந்து மாட்டலாம் என்று முடிவானது. பாலக்கோட்டில் எங்கள் வீட்டில் தேடினால் தெளிவான போட்டோ ஒன்றுதான் தேறியது. அக்கா மகள் மத்தியான வெயிலில், வாசலில் வைத்து எடுத்த செல்ஃபி. அதிலிருந்து அவளை வெட்டிவிட்டு, தர்மபுரியில் வரைகிற ஒரு அண்ணனிடம் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து பென்சில் படம் காட்டினார். உருவம் ஆயாதான், ஆனால் யாரையோ திட்டுவதற்கு முன்பு மூச்சு இழுக்கிற முகம். அம்மா பார்த்ததும், "சுருக்கத்தையெல்லாம் எடுத்துடச் சொல்லுப்பா" என்றார். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. "எல்லாத்தையும் எடுத்தா வேற யாரோ ஆயிடுவாங்க. போட்டோல இருக்கிற கோடு எல்லாம் எனக்குத் தெரியுது தம்பி. எது அவங்க கோடு, எது வெயில் போட்ட கோடுன்னுதான் தெரியலை. அதை எழுதிக் கொடுங்க."

முதலில் எழுதியது உதவவில்லை. "அன்பான கண்கள், சாந்தமான முகம்" என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "இதை எங்கே வரையறது?" என்று கேட்டார். சரி என்று பழைய படங்களைத் தேடினேன். ஒரு கல்யாண ஆல்பத்தில் ஓரமாக நிற்கிறார். ஒரு பொங்கல் காலையில் திண்ணை நிழலில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டிலும் முகம் சின்னது, வரைவதற்குப் போதாது. ஆனால் ஒப்பிடப் போதும்.

ஒப்பிட்டதும் தெரிந்தது. புருவங்களுக்கு நடுவே செங்குத்தாக விழுந்த இரண்டு கோடுகள் செல்ஃபியில் மட்டும்தான் இருக்கின்றன. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியதால் வந்தவை. கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பும் உச்சி வெயிலின் நிழல். படத்தில் கோபம் இந்த இரண்டு இடத்திலிருந்துதான் வந்திருக்கிறது. மூன்று படத்திலும் இருப்பது ஆயாவுடையது, ஒன்றில் மட்டும் இருப்பதைச் சந்தேகப்பட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

அப்படி நிலைத்த கோடுகள் கண்ணோரத்தில் இருந்தன. அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன்: கோட்டின் உள்பக்கம் சுற்றியுள்ள தோலைவிட வெளுத்திருந்தது. எத்தனையோ வருஷம் காட்டில் சிரித்தும் கண்ணைச் சுருக்கியும் வேலை செய்ததில், மடிப்புக்குள் வெயில் படவில்லை. அண்ணன் அங்கே கறுப்பாகக் கோடு இழுத்திருந்தார். "கறுப்புக் கோடு வேண்டாம், வெளிறிய மடிப்பு" என்று எழுதினேன்.

வாயைப் பற்றி எழுதத்தான் அதிக நேரம் ஆனது. "பொக்கை வாய்" என்று எழுதியதைப் பார்த்து அத்தை முகம் சுளித்தார். அவர் சுளித்தது நியாயம். அதோடு அந்தச் சொல் வரைபவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "பல் இல்லாததால் மேல் உதடு உள்ளே மடங்கியிருக்கும், கீழ் உதடு லேசாக முன்னே வரும். உதட்டுக்கு மேலே சின்னச் சின்னச் செங்குத்துக் கோடுகள். அடுத்தவர் பேசுவதைக் கேட்கும்போது உதடுகளை அழுத்தி மூடிக்கொள்வார், வாயோரம் மட்டும் மேலே ஏறும். மூக்கோரத்திலிருந்து வாய்க்கோடிக்கு இறங்கும் மடிப்பு, வெற்றிலை அடக்கும் பக்கத்தில் ஆழம் அதிகம்."

கருவிழியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் உண்டு. வயதானவர்கள் பலருக்கு வருவதுதான். அண்ணன் அதை வெளிச்சம் என்று நினைத்து வரையாமல் விட்டிருந்தார். அதையும் சேர்க்கச் சொன்னேன்.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு போனால், "வெற்றிலை எந்தப் பக்கம்?" என்றார். போட்டோவைப் பார்த்து இடது என்றேன். "பார்க்கிற நமக்கு இடதா, அவங்களுக்கு இடதா?" எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. முழுப் படத்தையும் போனில் எடுத்துக் காட்டினேன். பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரில் எழுத்துகள் தலைகீழாக இல்லை, ஆனால் திரும்பியிருந்தன, கண்ணாடியில் தெரிவது போல. செல்ஃபி அப்படியே பதிவாகியிருக்கிறது. வெட்டிக் கொடுத்த படத்தில் காலண்டர் இல்லாததால் அவருக்கும் தெரிய வழியில்லை. மூக்குத்தியும் மடிப்பும் அதிகம் தொங்கும் இமையும் பக்கம் மாறியிருந்தன. ஊருக்கு போன் செய்து அத்தையிடம் கேட்டேன். "மூக்குத்தி வலப்பக்கம்டா, இதுகூடவா மறந்துட்டே?" என்றார்.

அண்ணன் படத்தைத் திருப்பிப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, என் எதிரிலேயே புதுத் தாளில் ஆரம்பித்தார். கன்னத்து மடிப்பில் கோடே போடவில்லை. பக்கத்து மேட்டை மட்டும் பென்சிலால் தேய்த்து, விரலால் ஒற்றினார். மடிப்பு தானாக விழுந்தது. புருவ நடுவை வெறுமையாக விட்டார்.

அம்மா அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வெத்தலை போட்டிருக்காங்க" என்றார்.