பூஜ்யம் ஆனாலொழிய

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையின் பாதுகாப்புப் பிரிவில் இருந்தபோது, எச்சரிக்கைப் பலகைகளுக்கு வாசகம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஆசிட் பம்பின் குழாய் இணைப்பான ஃபிளாஞ்சைக் கழற்றும் இடத்துக்கு, அழுத்தம் காட்டும் கேஜ் பூஜ்யம் காட்டாவிட்டால் திறக்காதே என்று சொல்ல நினைத்து, ஆங்கிலத்தில் இப்படி எழுதினேன்: "டோன்ட் ஓப்பன் அன்லெஸ் த கேஜ் டஸ் நாட் ஷோ ஜீரோ."

மாதக்கணக்கில் அது தொங்கியது. பாண்டிச்சேரியிலிருந்து பயிற்சிக்கு வந்த பெண் ஒருநாள் அதன் முன் நின்று, "சார், இதுப்படி பார்த்தா பிரஷர் இருக்கும்போதுதான் திறக்கணும்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் மெதுவாகப் படித்துப் பார்த்தேன்.

அன்லெஸ் என்றாலே "இல்லாவிட்டால்". அதற்குப் பிறகு நாட் போட்டால் "பூஜ்யம் காட்டாமல் இருந்தாலொழிய திறக்காதே" என்றாகிவிடும். முள் இரண்டு கிலோவில் நின்றால் திறக்கலாம், பூஜ்யத்தில் நின்றால் கூடாது! விஷயம் தலைகீழ். ஃபிட்டர்களுக்கு வேலை தெரியும், பலகையைப் பார்த்து அவர்கள் திறக்கவில்லை. அதனால் பிழைத்தோம்.

தவறு எங்கிருந்து வந்தது என்று பிறகு புரிந்தது. "காட்டாவிட்டால் திறக்காதே" என்பதில் தமிழுக்கு இரண்டு மறுப்புகள் தேவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆங்கிலச் சொல் தேடியதில், அன்லெஸ் ஏற்கெனவே ஒன்றை விழுங்கியிருப்பதை மறந்துவிட்டேன். இஃப் போட்டிருந்தால் நாட் சரியாக இருந்திருக்கும். அன்லெஸ்ஸுக்கு நம்மிடம் பொருத்தமான உருவம் "ஒழிய". "பூஜ்யம் ஆனாலொழிய திறக்காதே" என்னும்போது வினை உடன்பாட்டில்தான் இருக்கிறது. இந்த அச்சில் யோசித்தால் நாட் தானாக விழுந்துவிடும்.

அன்றே மற்ற பலகைகளையும் பார்த்தோம். குளோரின் அறை வாசலில் ஆங்கிலத்தில் "கீப் த மாஸ்க் ஆன் இன் கேஸ் த கேஸ் லீக்ஸ்" என்றிருந்தது, கீழே தமிழில், "வாயு கசிந்தால் முகமூடி அணியவும்." இதுவும் என் கைவரிசை. இன் கேஸ் என்பது கசியக்கூடும் என்பதற்காக முன்கூட்டியே செய்வது, இஃப் என்பது கசிந்த பிறகு செய்வது. என் தமிழை நம்பியவர் வாடை வரும்வரை முகமூடியைக் கையில் வைத்திருப்பார். "கசியக்கூடும்; உள்ளே போகும் முன்பே முகமூடி அணியவும்" என்று மாற்றினேன். ஆனால் "இன் கேஸ் ஆஃப் ஃபயர்" என்று அறிவிப்புகளில் வருவதற்கு "தீப்பிடித்தால்" என்றே பொருள். அந்த ஆஃப் வந்தால் கணக்கு மாறுகிறது, அதைத் தொடவில்லை.

பம்ப் பலகைக்கு "ஒழிய" போட்டு எழுதிக்கொண்டுபோய்க் காட்டினேன். மூத்த ஃபிட்டர் அண்ணன் படித்துவிட்டு, "இது எதுக்கு சார்? பூஜ்யம் ஆனாத்தான் கழட்டணும், அவ்வளவுதானே" என்றார். அப்படியே எழுதினோம். கேஜுக்குப் போகும் குழாய் அடைத்துக்கொண்டாலும் முள் பூஜ்யத்தில் நிற்கலாம் என்று அவரே சொன்னதால், "வடிகால் வால்வைத் திறந்து பார்த்த பிறகு" என்பதையும் சேர்த்தோம்.