நோட்டீஸ் ஒட்டிய பிறகு வரும் 30 நாள்

வேறு வேறு மதத்தைச் சேர்ந்த ஜோடி என் அலுவலகத்துக்கு வந்தால், உட்கார்ந்ததும் பெரும்பாலும் இதைத்தான் கேட்பார்கள்: "மேடம், கோயில்ல தாலி கட்டிட்டு அப்புறம் ரிஜிஸ்டர் பண்ணிக்கலாமா?" அவசரம் புரிகிறது. வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பெண்ணின் போனை யாராவது எடுத்துப் பார்த்திருப்பார்கள். ஆனால் இந்துத் திருமணச் சட்டப்படி கல்யாணம் செல்லுபடியாக வேண்டுமென்றால் இருவருமே இந்துவாக இருக்க வேண்டும் (பௌத்தர், சமணர், சீக்கியரும் இதில் அடக்கம்). நம் ஊர் சுயமரியாதைத் திருமணத்துக்கான 7ஏ பிரிவும் அதே சட்டத்துக்குள்தான் இருக்கிறது. ஆந்திரத்தில் ஒரு கத்தோலிக்க ஆணும் இந்துப் பெண்ணும் கோயிலில் தாலி கட்டிப் பதிவும் செய்திருந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து 2008 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருமணம் செல்லாது என்று சொன்னது. பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தும் பயனில்லை.

ஒருவர் கிறிஸ்தவர் என்றால் 1872ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் மற்றவர் மதம் மாறாமலேயே கல்யாணம் செய்ய இடம் இருக்கிறது. நடைமுறையில் ஞானஸ்நானம் கேட்பார்கள், சொந்தப் பங்கிலிருந்து கடிதம் கேட்பார்கள், தேவாலயத்தில் எல்லார் முன்னும் கல்யாண ஓலை வாசிப்பார்கள். வீட்டுக்குத் தெரியாமல் செய்ய நினைப்பவர்களுக்கு அது சரிவராது. ஆகவே, யாரும் மதம் மாற வேண்டாம் என்றால் மிஞ்சுவது 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். அந்தச் சட்டப்படி, கல்யாணம் செய்யப்போகிறோம் என்று முதலில் திருமண அலுவலரிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதை அலுவலகத்தில் ஒட்டி, யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும். இத்தனை வருடத் தொழிலில் நான் பார்த்த ஆபத்துகளில் பெரும்பகுதி அந்த 30 நாளுக்குள்தான் வந்திருக்கிறது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன். பெண் இந்து, தெற்கே ஒரு சிறு ஊர்க்காரி, கோவையில் மருத்துவமனை ஒன்றில் லேப் டெக்னீஷியன். பையன் கிறிஸ்தவர், அதே நகரத்தில் வேலை. இருவருக்கும் வயதில் சிக்கல் இல்லை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடிந்திருக்க வேண்டும், இவர்கள் அதைத் தாண்டிப் பல வருடம் ஆகியிருந்தது.

நோட்டீஸ் கொடுப்பதற்கு, இருவரில் ஒருவராவது அந்தத் திருமண அலுவலரின் மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் நாம் நேரில் பார்க்கும் திருமண அலுவலர் பெரும்பாலும் சார்பதிவாளர்தான். படிவத்தில் பெயர், தொழில், வயது, முன்பு திருமணமானவரா என்பதெல்லாம் கேட்பார்கள். அவற்றோடு இப்போது குடியிருக்கும் இடம், அது நிரந்தரமில்லை என்றால் நிரந்தர இருப்பிடம் எது என்று ஒரு கட்டமும் உண்டு. எல்லாரும் யோசிக்காமல் ஆதாரில் இருக்கும் ஊர் முகவரியை அதில் எழுதிவிடுவார்கள். எழுதினால் என்ன ஆகும் என்றால், சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி நோட்டீஸின் ஒரு நகல் அந்த ஊர் உள்ள மாவட்டத்தின் திருமண அலுவலருக்குப் போகும், அவரும் தன் அலுவலகத்தில் கண்ணில் படும் இடத்தில் அதை ஒட்டுவார். சிறு ஊர் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் யார் யார் நிற்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பத்திரம் எழுதுகிறவர், ரியல் எஸ்டேட் புரோக்கர், டீ கொண்டுவரும் பையன். அப்பா பெயரைப் பார்த்தாலே "இது நம்ம இவரோட பொண்ணாச்சே" என்று போன் போய்விடும்.

பொய் எழுதச் சொல்லமாட்டேன், அது பிறகு நமக்கே பாதகமாகும். ஆனால் நான்கைந்து வருடமாகக் கோவையிலேயே வேலை பார்த்து அங்கேயே வாழ்கிறவரின் நிரந்தர இருப்பிடம் கோவை என்பது உண்மைதானே. அதை ஆவணத்தில் காட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம், ஆதாரில் முகவரி மாற்றம், வங்கிக் கணக்கு. இந்தப் பெண்ணுக்கு ஆதாரிலேயே ஒரு முடிச்சு இருந்தது: ஓடிபி அப்பாவின் செல்போனுக்குப் போகும். பத்தாவது படிக்கும்போது அவர்தான் கூட்டிப்போய் எடுத்துக்கொடுத்தார், அவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்தால் பழைய நம்பர் இல்லாமலேயே புது நம்பரைச் சேர்க்கலாம். முதலில் அதைச் செய்யச் சொன்னேன், பிறகு வங்கியில் நம்பரை மாற்றினோம், முகவரி கடைசியில்தான். சிம் கார்டு அப்பா பெயரில் இருந்தால் அதையும் விட்டுவிட்டுத் தன் பெயரில் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

பெண்ணின் நகல் ஊருக்குப் போகவில்லை. பையனின் நகல் போனது, ஏனென்றால் அவர் வீட்டில் ஏற்கெனவே சம்மதம், முகவரியை மாற்ற வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. அந்த நோட்டீஸில் பெண்ணின் பெயரும் இருக்குமே! யார் வழியாகவோ செய்தி பெண் வீட்டை எட்டியது.

அப்பா ஆட்சேபணை மனுவோடு வந்தார். "எங்களுக்குச் சம்மதமில்லை" என்பதோ "வேற மதம்" என்பதோ ஆட்சேபணை ஆகாது. 4ஆம் பிரிவில் உள்ள நிபந்தனைகள் மீறப்படுவதாக மட்டுமே சொல்ல முடியும்: ஏற்கெனவே கணவனோ மனைவியோ உயிரோடு இருப்பது, மனநிலையால் சம்மதம் தர இயலாமை, வயது, தடை செய்யப்பட்ட உறவுமுறை. இது தெரிந்த வக்கீல்கள் வழக்கமாகப் பிடிப்பது மனநிலையைத்தான். இந்தப் பெண் கல்லூரியில் படிக்கும்போது தூக்கமின்மைக்காக ஒரு டாக்டரிடம் போயிருந்தாள். அந்தப் பழைய மருந்துச் சீட்டை நகலெடுத்து மனுவோடு இணைத்திருந்தார்கள். பெற்ற மகளைச் சித்த சுவாதீனம் இல்லாதவள் என்று ஒரு அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு எரிந்தது.

ஆட்சேபணை வந்துவிட்டால் திருமண அலுவலர் 30 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும், அதுவரை திருமணம் நடத்த முடியாது. வீட்டாருக்குத் தேவைப்பட்டது அந்த அவகாசம்தான். நாங்கள் அவள் வேலை செய்யும் மருத்துவமனையிலிருந்து பணிச் சான்று வாங்கினோம், அந்தச் சீட்டைக் கொடுத்த டாக்டரிடமே எழுத்தில் விளக்கம் வாங்கினோம். சார்பதிவாளர் அவளிடமே சாதாரணமாக, வேலையைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் பையனைப் பற்றியும் கேட்டார். அவள் நிதானமாகப் பதில் சொன்னாள். ஆட்சேபணை தள்ளுபடி. நல்லெண்ணமில்லாத ஆட்சேபணை என்றால் 1000 ரூபாய் வரை செலவுத்தொகை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு, அவள்தான் வேண்டாம் என்றுவிட்டாள். ஆட்சேபணையை அலுவலர் ஏற்றுக்கொண்டிருந்தால் 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்திருப்போம்.

இதற்கு நடுவே ஊர் ஸ்டேஷனில் பெண்ணைக் காணவில்லை என்று புகாரும் கொடுத்துவிட்டார்கள். தினமும் டியூட்டிக்குப் போய் கைரேகை வைக்கிறவளைக் காணவில்லையாம்! "ஊருக்கு வந்து ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போயிரும்மா, கேஸை முடிச்சிரலாம்" என்று அங்கிருந்து போன் வந்தது. போகவே கூடாது என்று சொன்னேன். ஸ்டேஷன் வாசலில் பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று நிற்பார்கள், அம்மா மயங்கி விழுவார், பேச்சுவார்த்தை என்று ஆரம்பித்து ராத்திரியில் "ஒரு வாரம் வீட்ல வச்சிருந்து அனுப்புறோம்" என்று முடியும். அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு போன் எடுக்காமல் போன பெண்கள் உண்டு. சாட்சியாக விசாரிக்கப்படும் பெண்ணை அவள் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கும் வரச்சொல்லக் கூடாது என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸின் 179ஆம் பிரிவு சொல்கிறது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விசாரித்த கர்நாடக வழக்கு ஒன்றும் கிட்டத்தட்ட இதே கதைதான்: ஊர் ஸ்டேஷனுக்கு வரவில்லையென்றால் கடத்தல் வழக்குப் போடுவோம் என்று பெண்ணிடம் விசாரணை அதிகாரி சொல்லியிருந்தார், நீதிமன்றம் அவரைக் கடுமையாகக் கண்டித்தது. இதை எல்லாம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஊரிலிருந்து ஒரு எஸ்ஐயும் பெண் காவலரும் கோவைக்கு வந்து ஹாஸ்டலில் வைத்தே அவள் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு போனார்கள்.

பாதுகாப்பு மனுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "எங்கள் உயிருக்கு ஆபத்து உள்ளது" என்று ஒற்றை வரி எழுதிக் கொடுத்தால் அது மேஜையிலேயே கிடக்கும். யார், எந்தத் தேதியில், எந்த நம்பரிலிருந்து, என்ன வார்த்தை சொன்னார் என்று எழுத வேண்டும். இவளுக்கு மாமா வாட்ஸ்அப்பில் ஆடியோ அனுப்பியிருந்தார். அதை அழிக்காமல் அதே போனில் வைத்திருக்கச் சொல்லி, பேசியதை அப்படியே எழுத்தில் எடுத்து மனுவில் சேர்த்தோம், கமிஷனர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கினோம். 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென்று சிறப்புப் பிரிவு, 24 மணி நேர உதவி எண், தங்குமிடம் எல்லாம் வேண்டும் என்று உத்தரவிட்டது. இன்னும் கல்யாணம் ஆகாத ஜோடிக்கும் அந்தத் தங்குமிடம் பொருந்தும், அவர்கள் கேட்டால் போலீஸ் பாதுகாப்போடு கல்யாணத்தைப் பதிவு செய்யவும் உதவ வேண்டும் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்தப் பத்தியைக் குறித்து மனுவோடு இணைத்தால் பேச்சின் தோரணை மாறுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கும் எல்லாம் தயாராக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். மனு தேங்கி நின்றால் உயர் நீதிமன்றம்தான், அங்கே போவதற்கும் இந்த ரசீது வேண்டும்.

கடைசியாகத் தேதி. நோட்டீஸ் தேதியிலிருந்து 31ஆவது நாள் கல்யாணம் என்று வீட்டார் எண்ணி வைத்திருப்பார்கள், அன்றைக்குக் காலையிலேயே அலுவலக வாசலில் இரண்டு வண்டி நிற்கும். சட்டமோ நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் தருகிறது. ஆட்சேபணை விசாரணை நடந்தாலும் அந்த மூன்று மாதம் நீளாது என்பதை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், தாண்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்து நோட்டீஸ். இவர்களுக்கு விசாரணை முடிந்தபோது கையில் சில வாரங்கள் இருந்தன. தேதியை நானும் அவர்களும் மூன்று சாட்சிகளும் சார்பதிவாளரும் மட்டுமே தெரிந்து வைத்திருந்தோம். சாட்சிகளாக வந்தவர்கள் அவளோடு லேபில் வேலை செய்யும் பெண்கள். உறுதிமொழிப் படிவத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, ஒருவரை ஒருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாகச் சொல்லி, சான்றிதழ் வாங்கி, மதிய ஷிஃப்டுக்குப் போய்விட்டார்கள்.

அந்தச் சான்றிதழின் நகலை ஊர் ஸ்டேஷனுக்கு அனுப்பி, காணவில்லை புகாரை முடித்துவைத்ததற்கான கடிதத்தையும் எழுதிக் கேட்டு வாங்கினோம். அதை வாங்காமல் விட்டவர்களுக்குப் பிற்பாடு பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வரும்போது அந்தப் பழைய புகார் குறுக்கே நிற்கிறது.