வேப்பமரக் கிளைகளில் ஒட்டிக்கொண்ட பழைய வானம்

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தார்கள். முகப்புப் படத்தில் நீல வானம் வேண்டும் என்று உரிமையாளர் கேட்டார். நான் எடுத்த அன்று மேகமூட்டம், வானம் முழுக்க வெளுப்பு. முன்னால் ஒரு வேப்பமரம், பின்னால் ஓட்டுக் கூரை, அதை ஒட்டிச் சுண்ணாம்பு பூசிய கைப்பிடிச் சுவர், குறுக்கே மின்கம்பிகள். வானத்தைத் தானாக மாற்றும் வசதிக்குச் சோதனை வைக்க இதைவிடக் கடினமான படம் கிடைக்காது.

திரைக்கு அடக்கமாகப் பார்த்தபோது மாற்றம் நன்றாகவே இருந்தது. 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கியதும் மூன்று கோளாறுகள் தெரிந்தன. வேப்பிலைகளைச் சுற்றி வெள்ளை ஓரம், கிளை இடுக்குகளில் பழைய வானத்தின் திட்டுகள். கம்பி பாதித் தூரம் வந்து காணாமல் போயிருந்தது. சுண்ணாம்புச் சுவரின் மேல்விளிம்பில் நீலம் வழிந்திருந்தது. எந்த மென்பொருளில் செய்தாலும் தவறுவது இந்த இடங்களில்தான். நான் போட்டோஷாப்பில் சரிசெய்ததால் அதன் பெயர்களையே சொல்கிறேன்.

முதலில் கை போவது Sky Replacement பெட்டியில் உள்ள Shift Edge பக்கம்தான். ஆனால் அது எல்லா விளிம்பையும் ஒரே திசையில் தள்ளும். மரத்துப் பக்கம் தள்ளினால் இலை நுனிகளை வானம் தின்றுவிடும், வானத்துப் பக்கம் தள்ளினால் வெள்ளை ஓரம் இன்னும் தடிக்கும். அதனால் அதை விட்டுவிட்டு Output To என்ற இடத்தில் New Layers கொடுத்து வெளியே வந்தேன். வானமும் அதன் மாஸ்க்கும் தனி லேயராகக் கையில் கிடைத்தால் போதும்.

வெள்ளை ஓரம் ஏன் வருகிறது என்பது புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இலை விளிம்பில் உள்ள ஒரு பிக்சலில் பாதி இலை, பாதி பழைய வானம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு நிறச் சேனலை மட்டும் எடுத்தால் இலையின் அளவு 40, பழைய வானம் 225. கேமரா பதிந்தது இரண்டின் சராசரியான 132. புது வானம் அந்தச் சேனலில் 150 என்றால், அந்த இடத்தில் 40-க்கும் 150-க்கும் நடுவிலுள்ள 95 வர வேண்டும். மாஸ்க் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது கலப்பது 132-ஐயும் 150-ஐயும்தான், கிடைப்பது 141. பழைய வானத்தின் வெளுப்பு அந்த 132-க்குள்ளேயே கரைந்திருக்கிறது. மாஸ்க்கால் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

பெருக்கல் முறையால் முடியும். முதலில் பழைய வானம் சுத்த வெள்ளை ஆகும்படி தூக்கினால் 132 என்பது 150 ஆகிறது. அதன்மேல் புது வானத்தை Multiply-யில் வைத்தால் 150 × 150 ÷ 255, அதாவது 88. வேண்டிய 95-க்கு இது மிகவும் பக்கத்தில் இருக்கிறது, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வெள்ளையான இடத்தில் புது வானம் அப்படியே வரும், கறுத்த கிளை கறுப்பாகவே நிற்கும், நடுவில் இருப்பவை தாமாகவே சரியான அளவில் கலந்துகொள்ளும்.

செய்தது இப்படி. வான லேயரை Ctrl+J கொடுத்து நகலெடுத்து, நகலை Multiply-க்கு மாற்றி மேலே வைத்தேன். கீழே உள்ள Normal வானத்தின் மாஸ்க்கில் மரம் இருக்கும் பகுதியைக் கறுப்பாக்கி, அங்கே பழைய படமே தெரியும்படி விட்டேன். இனி Multiply நகலுக்கு ஒரு மாஸ்க் வேண்டும். வான லேயர்களை மறைத்துவிட்டு, Channels பலகத்தில் அசல் படத்தின் Blue சேனலைத்தான் எடுக்க வேண்டும். இலை நீல ஒளியை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்பும், வானத்திலோ அது தாராளம். அதனால் அந்தச் சேனலில் இரண்டும் நன்றாகப் பிரிந்து நிற்கும். அதை நகலெடுத்து Levels-ல் கறுப்பு முனையை 70-க்கும் வெள்ளை முனையை 130-க்கும் கொண்டுவந்தேன். வெள்ளை முனையை இவ்வளவு கீழே இறக்கியதற்குக் காரணம் உண்டு. கலப்புப் பிக்சல்கள் எல்லாம் வெள்ளைக்குள் வந்துவிட வேண்டும், இலையின் நடுப்பகுதியும் அடிமரமும் மட்டும் கறுப்பில் நிற்க வேண்டும். விளிம்பை வெட்டும் பொறுப்பை மாஸ்க்கிடம் கொடுக்காமல் Multiply-யிடம் விடுகிறோம். வெளிச்சம் பட்டு மினுங்கிய சில இலைகள் முழுக் கறுப்பாகாமல் சாம்பலாக நின்றன, அவற்றை Burn கருவியில் Range: Shadows வைத்துத் தட்டினேன். அப்புறம் மரத்தைச் சுற்றி லாசோ போட்டு, Apply Image வழியாக அந்தச் சேனலை நகலின் மாஸ்க்குக்குள் இறக்கினேன். லாசோவுக்கு வெளியே மாஸ்க் முழுக் கறுப்பு.

அசல் படத்துக்கு நேர் மேலே ஒரு Levels லேயர், அதே மாஸ்க்கோடு, வெள்ளை முனை 225. என் படத்தில் வானம் 225 முதல் 235 வரை இருந்ததால் அந்த எண். இதைச் செய்யாவிட்டால் மரத்தைச் சுற்றி வானம் கொஞ்சம் மங்கி, லாசோ போட்ட வடிவம் அப்படியே திட்டாகத் தெரியும். செய்தால் Normal வானமும் Multiply வானமும் சேரும் இடம் எது என்று தேடினாலும் கிடைக்காது.

கம்பிக்கு இதே முறை இன்னும் சுலபம். வெளுத்த வானத்தில் கறுத்த கம்பி, அவ்வளவுதான். கம்பி போகும் வழியில் Normal மாஸ்க்கில் கறுப்பும், மற்ற இரண்டு மாஸ்க்குகளிலும் வெள்ளையும் அகலமான பிரஷ்ஷால் தீட்டியதும் தொலைந்த கம்பி முழுசாகத் திரும்பி வந்தது. கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு மட்டும் வரவில்லை. அங்கே அலுமினியக் கம்பியில் வெளிச்சம் பட்டு அது வானத்தின் அளவுக்கே வெளுத்திருந்தது, பெருக்குவதற்கு அதில் இருட்டு இல்லை. அதை வரையத்தான் வேண்டியிருந்தது. Pen கருவியால் கம்பியின் தொய்வை ஒட்டி ஒரே வளைவு, புது லேயரில் 2 பிக்சல் பிரஷ், பக்கத்துக் கம்பியில் எடுத்த நிறம், Stroke Path. அதில் Simulate Pressure டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கம்பி இரண்டு முனையிலும் ஊசியாகக் கூர்ந்துவிடும். கடைசியில் படத்தின் மணல்தன்மைக்கு ஏற்பச் சிறிது Add Noise.

சுண்ணாம்புச் சுவரிடம் இந்த வித்தை எதுவும் பலிக்காது. சுவரும் வானமும் ஒரே வெளுப்பு, எந்தச் சேனலிலும் பிரியவில்லை. அங்கே Pen கருவியால் விளிம்பை நானே வரைந்து, Make Selection-ல் Feather Radius 0.5 கொடுத்து, Normal வானத்தின் மாஸ்க்கில் சுவர்ப் பக்கத்தைக் கறுப்பால் நிரப்பினேன். அந்த 0.5 எங்கிருந்து வந்தது என்றால், அதே தூரத்தில் இருந்த ஓட்டு விளிம்பை 300 சதவீதத்தில் பார்த்தேன். ஓட்டின் நிறம் வானத்தின் நிறமாக மாற ஒன்றிரண்டு பிக்சல்தான் எடுத்தது. சுவரும் அதே கூர்மையில் இருந்தால்தான் வெட்டி ஒட்டியது போல் தெரியாது.

எல்லாம் முடிந்ததும் மேலே தற்காலிகமாக ஒரு Curves லேயர் போட்டு, கோட்டைச் செங்குத்தாக நிமிர்த்திப் பார்த்தேன். மிச்சம் இருக்கும் ஓரமும் திட்டும் அப்போது பளிச்சென்று வெளியே வரும். கிளை இடுக்குகளில் இரண்டு இடம் அப்படிச் சிக்கின, மாஸ்க்கில் வெள்ளை வைத்ததும் சரியாயின.

இந்தப் பெருக்கல் முறை வெளுத்த வானத்துக்கு மட்டுமே. பழைய வானம் ஏற்கெனவே நல்ல நீலமாகவோ மாலைச் சிவப்பாகவோ இருந்தால் அந்த நிறமும் சேர்ந்து பெருகிவிடும். அதனால் வானம் மாற்றப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்த படங்களை இப்போது மேகமூட்ட நாளிலேயே எடுக்கிறேன். வானத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 225-ஐ ஒட்டி ஏறக்குறைய சமமாக விழும்படி எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் வைத்துக்கொள்கிறேன்.