சுவரில் ஒரு பென்சில் கோடு: ஓர் அறிமுக உரையின் குறிப்பேடு

மார்ச் 3

வேலை இதுதான்: பாலங்களில் விழும் விரிசல்களை ஆராயும் பொறியாளர் ஒருவர் பேச வருகிறார். அவரோடு கல்லூரியில் படித்த தோழி அவரை மேடையில் அறிமுகம் செய்கிறார். இரண்டு நிமிடம். அவையில் பாதிப் பேர் பொறியியல் மாணவர்கள், மீதிப் பேர் துறைக்கு வெளியே இருப்பவர்கள். சொந்த அனுபவம் ஒன்றோடு தொடங்க வேண்டும் என்பது தோழியின் ஆசை. கைவசம் மூன்று சம்பவங்கள் வைத்திருக்கிறார்.

ஒன்று, தேர்வுக்கு முந்தைய இரவு முழுக்க விழித்துச் சேர்ந்து படித்தது. இரண்டு, ரயிலைத் தவறவிட்டு நிலையத்திலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தது. மூன்று, விடுதிச் சுவரில் விழுந்த விரிசலைப் பேச்சாளர் வந்து பார்த்தது.

முதல் இரண்டையும் கழிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பேச்சாளரின் பெயரை எடுத்துவிட்டு ஒரு பாடகரின் பெயரையோ மருத்துவரின் பெயரையோ போட்டுப் பார்த்தால், கதை ஒரு சொல்லும் மாறாமல் அப்படியே பொருந்துகிறது. யாருக்கும் பொருந்தும் கதை இவரை அறிமுகம் செய்யாது. ரயில் கதைதான் தோழிக்கு ரொம்பப் பிடித்தது. சொல்லச் சொல்ல அவரே சிரிக்கிறார், எதிரே இருப்பவர் மரியாதைக்குச் சிரிக்கிறார். இந்த வித்தியாசம் தெரிந்ததுமே கதையைக் கீழே வைத்துவிடலாம்.

மார்ச் 5

விரிசல் கதையின் முதல் வரைவு வந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்:

"கல்லூரியில் நானும் இவரும் ஒரே வகுப்பு. விடுதியில் என் அறைக்கு அடுத்த அறை. ஒருநாள் என் அறைச் சுவரில் விரிசலைப் பார்த்துப் பயந்துபோனேன். இவரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்து, பென்சிலால் ஏதோ கிறுக்கிவிட்டுப் போனார். இவர் பெரிய ஆளாக வருவார் என்று அன்றைக்கே நினைத்தேன். நான் நினைத்தது பொய்க்கவில்லை."

'நான்', 'என்' இவற்றை எண்ணிப் பார்ப்பது பழைய சோதனை. தமிழில் அது மட்டும் போதாது. எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது நம் வழக்கம், 'நான்' வினை விகுதிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அதனால் 'ஏன்' என்று முடியும் வினைகளையும் சேர்த்து வட்டம் போட வேண்டும். நானும், என், என், பயந்துபோனேன், கூப்பிட்டேன், நினைத்தேன், நான்: மொத்தம் ஏழு. பேச்சாளர் ஏதாவது செய்யும் வாக்கியம் ஒன்றே ஒன்று. அதிலும் அவையினர் கேட்க வேண்டிய ஒரே விஷயத்தை 'ஏதோ கிறுக்கிவிட்டு' விழுங்கிவிட்டது.

கடைசி இரண்டு வாக்கியங்கள் இன்னும் மோசம். பேச்சாளரைப் புகழ்வது போல் தொடங்கி, ஆளைக் கணிக்கும் திறமை தனக்கு உண்டு என்று சொல்லி முடிகின்றன. எழுதியவருக்கு இது கண்ணில் படவே இல்லை. பெரும்பாலும் படாது.

மார்ச் 6

அந்த 'ஏதோ' என்ன என்று கேட்டோம். சற்று யோசித்துச் சொன்னார்: விரிசல் முடியும் இரண்டு முனைகளிலும் குறுக்கே சின்னதாக ஒரு கோடு. பக்கத்தில் அன்றைய தேதி. மற்றவர்கள் எல்லாரும் விரிசல் எவ்வளவு பெரிசு என்று பேசிக்கொண்டிருக்க, இவர் அது வளர்கிறதா என்று பார்க்க அடையாளம் வைத்திருக்கிறார்.

கதை இங்கேதான் இருக்கிறது. துறைக்கு வெளியே இருப்பவர் உரை முழுவதையும் பின்தொடர இந்த ஒரு கேள்வி போதும்.

இரண்டாம் வரைவில் வகுப்பு, அடுத்த அறை, பயம் எல்லாம் போயின. தன்மை இடத்தை முழுக்க எடுத்துவிடலாமா என்று தோழி கேட்டார். வேண்டாம். ஒரு இடத்திலாவது சொல்பவர் நிற்க வேண்டும், இல்லையென்றால் யாரிடமோ கேட்ட செய்தி மாதிரி ஆகிவிடும். சாட்சிக்கு ஒரு 'நாங்கள்' போதும்.

இன்னொரு சின்னச் சிக்கல். பழகிய பழக்கத்தில் பேச்சில் 'அவ வந்தா, பாத்தா' என்றுதான் வருகிறது. மேடையில் 'அவர்' என்று தொடங்கி நடுவில் 'அவள்' என்று வழுக்கினால், நெருக்கத்தைக் காட்டிக்கொள்கிறார் என்றே அவைக்குப் படும். முதலிலிருந்து கடைசி வரை 'இவர்' என்று தாளில் எழுதியாகிவிட்டது.

மார்ச் 8

இருவரையும் அறியாத ஒருவரிடம் சொல்லிப் பார்த்தோம். 'நல்லா இருக்கா?' என்று கேட்கவில்லை. அதற்கு எல்லாரும் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள். கேட்டது இது: "அடுத்து வருபவர் எதைப் பற்றிப் பேசுவார் என்று நினைக்கிறீர்கள்?"

முதல் வரைவுக்கு அவர் சொன்ன பதில்: "நட்பைப் பற்றியா? நீங்க ரொம்ப நாள் சிநேகிதமா?" இரண்டாம் வரைவை, முடிவுக்கு முந்தைய வரி வரை மட்டும், இன்னொரு புது ஆளிடம் சொன்னோம். ஒரே ஆளிடம் இரண்டையும் சொன்னால் முதலில் கேட்டது இரண்டாவதிலும் ஒட்டிக்கொள்ளும். இவர் திருப்பிக் கேட்டார்: "அப்புறம் அந்த விரிசல் கோட்டைத் தாண்டிச்சா?"

மார்ச் 9

வரைவைப் பேச்சாளருக்கு அனுப்பியிருந்தோம். அனுமதிக்காக மட்டும் அல்ல, அவர் உரையில் எது எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்ளவும்தான். தொலைபேசியில் இரண்டு திருத்தம் சொன்னார்.

முதலாவது, கதையின் முடிவு. 'இரண்டே மாதத்தில் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தது, ஆபத்தை அன்றே கண்டுபிடித்தார்' என்று வரைவில் இருந்தது. வெப்பத்திலும் குளிரிலும் கட்டடம் விரிந்து சுருங்கும்போது விரிசலும் திறந்து மூடும், இரண்டு மாதத்தை வைத்து ஆபத்து என்று சொல்லிவிட முடியாது, பருவங்கள் ஒரு சுற்று வரவாவது காத்திருந்து பார்க்க வேண்டும் என்றார். அப்படியே சொல்லியிருந்தால் முன்வரிசையில் இருக்கும் பொறியியல் மாணவர்கள், அவர் வாய் திறக்கும் முன்பே அவரைச் சந்தேகித்திருப்பார்கள். கதையை உயர்த்திச் சொல்பவர் அதற்கான விலையைத் தான் கொடுப்பதில்லை.

இரண்டாவது, அதே போலத் தேதி எழுதிய கோட்டின் படம் ஒன்றை உரையின் நடுவில் காட்டப் போகிறாராம். முடிவை நாம் முன்னாலேயே சொல்லிவிட்டால் அவருக்கு அங்கே ஒன்றும் மிஞ்சாது. கதையைக் கைவிடத் தேவையில்லை, முடிவை மட்டும் வெட்டினால் போதும். மார்ச் 8 அன்று வந்த கேள்வி அவையின் மனதிலும் எழட்டும், பதிலை அவரே சொல்லட்டும்.

மார்ச் 10

இறுதி வடிவம்:

"விடுதிச் சுவரில் ஒரு விரிசல். எவ்வளவு பெரிசு என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். இவர் ஒரு பென்சிலை எடுத்தார். விரிசலின் இரு முனையிலும் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினார். 'இது கோட்டைத் தாண்டுதான்னு பார்க்கணும்' என்றார். இன்று பாலங்களிடமும் இவர் கேட்பது அதைத்தான்."

கடிகாரம் வைத்து, மேடையில் பேசும் வேகத்தில் வாசித்தால் அரை நிமிடத்துக்குள் முடிகிறது. இரண்டு நிமிடத்தில் கதைக்கு அதற்கு மேல் கொடுத்தால், தகுதி, பணி, தலைப்பு மூன்றையும் மூச்சு விடாமல் ஒப்பிக்க வேண்டியிருக்கும்.

கடைசி வாக்கியத்தில் 'பாலங்களிடமும்' என்பதற்குப் பின் சின்ன நிறுத்தம் வேண்டும், தாளில் சாய்கோடு போட்டிருக்கிறது. ரயில் கதையைக் கடைசியில் ஒரு வரியாகவாவது சேர்க்க முடியுமா என்று தோழி மறுபடி கேட்டார். சாப்பாட்டு வேளையில் சொல்லச் சொல்லியிருக்கிறோம்.